பதற்றமான எம்.டி.யின் மேடை உரையை ஒரே டேக் வீடியோவாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனத் தலைவர்கள் தங்கள் ஊழியர்களிடம் பேசும் சிறு வீடியோக்களுக்கு எழுதித் தருவது என் வேலை. படம் எடுக்கும் நாளில் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பதும் அதில் சேர்த்திதான். ஹெச்.ஆர். ஆட்களும் எம்.டி.யின் உதவியாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு வெறும் பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். கோவை கணபதியில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி, அரசூருக்கு இடம் மாறுகிறது. எம்.டி. அதை ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எடிட்டிங் இருக்கிறதே, துண்டு துண்டாக எடுத்து ஒட்டிவிட்டால் போதாதா?

ஐந்து நிமிட நிறுவன வரலாறு என்றால் ஒட்டலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். வேலை, சம்பளம், இடமாற்றம் பற்றிய செய்தியில் வெட்டு தெரிந்தால் கேட்பவர் மனதில் வேறொன்று ஓடும். “ஒருத்தரையும் நிறுத்தல” என்று சொல்லி முடித்த கணத்தில் படம் ஒரு துள்ளு துள்ளி, அவர் தலை இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால், அதற்குப் பின்னால் ஏதோ சொன்னதை எடுத்துவிட்டார்கள் என்றுதான் கடைசி வரிசையில் இருப்பவர் நினைப்பார். டீக்கடையில் அதுதான் பேச்சாகும்.

இன்னொரு காரணம் பேசுகிறவரைப் பற்றியது. பதற்றப்படும் மனிதரிடம் “இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை, சார்” என்று நாலு முறை கேட்டால், ஐந்தாவது முறை அந்த வரியில் உயிர் இருக்காது. தொடர்ந்து பேச விட்டால் முதல் இருபது நொடி தடுமாறினாலும் அப்புறம் அவரே தன் நடைக்கு வந்துவிடுவார். அந்த நடைக்கு வர இடம் கொடுப்பதுதான் ஒரே டேக்.

உரையை ஏற்கெனவே தயார் செய்து கொடுத்துவிட்டார்கள். எந்த வரியிலிருந்து திருத்த ஆரம்பிப்பது?

எந்த வரியிலிருந்தும் வேண்டாம். அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு எம்.டி.யிடம் இருபது நிமிடம் கேளுங்கள். அவர் அறையிலேயே, கேமரா இல்லாமல், அனுமதி வாங்கிக்கொண்டு போனில் குரலை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதப் போகும் வசனத்தில் பாதி அந்தப் பதிவில் இருக்கும்.

“ஊழியர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?” என்று கேட்டால் அவர் அந்த உரையையே திருப்பிச் சொல்வார். ஆளை வைத்துக் கேட்க வேண்டும். இந்தச் செய்தியைக் கேட்டதும் யார் முதலில் கவலைப்படுவார்? அவர் இன்று உங்களை வழியில் நிறுத்தினால் என்ன கேட்பார்? நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள்? அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடமோ கணவரிடமோ இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பம்ப் கம்பெனி எம்.டி. முதலில் சந்தை வளர்ச்சி பற்றித்தான் பேசினார். யார் கவலைப்படுவார்கள் என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அசெம்பிளியில ஒரு அக்கா கேட்டாங்க. பையனை ஸ்கூல்ல விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படிங்க வர்றதுன்னு. அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல.” செய்தியின் நடு எலும்பு அதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அது அந்த உரையின் நான்கு பக்கத்தில் எங்குமே இல்லை.

அந்த எழுதிய உரையில் அப்படி என்னதான் குறை? தமிழ் நன்றாகத்தானே இருக்கிறது?

தமிழில் குறை இல்லை. மேடையில் தாளைப் பார்த்துப் படிக்க அது சரி. கேமராவைப் பார்த்து, பயந்த மனநிலையில், வாயால் சொல்லத்தான் முடியாது. ஒரு பத்தியைப் பாருங்கள்:

> “கடந்த 28 ஆண்டுகளாகப் பம்ப் உற்பத்தித் துறையில் தனி முத்திரை பதித்துள்ள நமது நிறுவனம், அதிகரித்து வரும் சந்தைத் தேவைகளைக் கருத்தில் கொண்டு, தனது உற்பத்திப் பிரிவை அரசூரில் அமைக்கப்பட்டுள்ள நவீன வளாகத்திற்கு எதிர்வரும் ஜூன் மாதம் முதல் மாற்றம் செய்யத் தீர்மானித்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறேன். இம்மாற்றத்தின்போது ஊழியர்களின் நலன் முழுமையாகப் பாதுகாக்கப்படும் என்பதையும், போக்குவரத்து வசதிகள் உரிய முறையில் ஏற்பாடு செய்யப்படும் என்பதையும் உறுதியளிக்கிறேன்.”

முதல் வாக்கியத்தில் வினைமுற்று எங்கே வருகிறது என்று பாருங்கள், கடைசியில். நம் மொழியில் அது இயல்புதான். ஆனால் ஒருவர் முப்பதுக்கு மேல் சொற்களைத் தூக்கிக்கொண்டு அந்த வினைக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நடுவில் “தேவைகளைக் கருத்தில் கொண்டு” என்ற இடத்தில் மனம் வெறுமையாகிவிட்டால், அந்த வாக்கியத்தை எப்படியும் முடிக்க முடியாது. ஆரம்பத்துக்குத்தான் திரும்ப வேண்டும். பதற்றக்காரர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் இப்படி வினைக்கு முன்னால் எட்டு, பத்துச் சொல் தொங்கும் இடத்தில்தான்.

அடுத்தது “பாதுகாக்கப்படும்”, “ஏற்பாடு செய்யப்படும்”. யார் பாதுகாப்பார், யார் ஏற்பாடு செய்வார் என்று அதில் இல்லை. கேட்பவருக்கு வேண்டியது அதுதான். “பஸ் விடறோம்” என்றால் ஒரு பஸ்ஸும் அதை விடுகிற ஆளும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நான் முதல் வேலையாகச் சிவப்புப் பேனாவில் வட்டமிடுவது இந்தப் ‘படும்’களைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஹெச்.ஆரிடம் போய் “இதை யார், எப்போது செய்கிறார்?” என்று கேட்பேன். பதில் கிடைத்தால் அது வசனமாகும். பதில் இல்லையென்றால் அந்த வாக்குறுதியே இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம், அதை வீடியோவில் சொல்லக் கூடாது.

“மகிழ்ச்சியுடன்” என்பதையும் எடுத்துவிடுங்கள். இடம் மாறுவதில் மகிழ்ச்சி யாருக்கு என்று பஸ் ஏற வேண்டியவர் கேட்பார்.

மாற்றி எழுதினால் எப்படி வரும்? முழுதாகக் காட்ட முடியுமா?

இதுதான் கடைசியில் அவர் பேசியது. பேசுகிறபடியே எழுதியிருக்கிறோம். எண்கள்கூட அவர் வாயில் வருகிற மாதிரிதான். ‘1ஆம் தேதி’ என்று எழுதினால் பதற்றத்தில் கண் ஒரு கணம் தடுக்கும், ‘ஒண்ணாம் தேதி’ தடுக்காது.

> எல்லாருக்கும் வணக்கங்க.
>
> நம்ம கம்பெனி அரசூருக்கு மாறப் போகுது. ஜூன் ஒண்ணாம் தேதியிலிருந்து அங்கதான் வேலை.
>
> இதைக் கேட்டதும் உங்க மனசுல முதல்ல என்ன வரும்னு எனக்குத் தெரியும். வேலை இருக்குமா? இருக்கும். ஒருத்தரையும் நிறுத்தல. சம்பளத்துலயும் மாத்தம் இல்ல.
>
> அப்புறம், எப்படி வர்றது. போன வாரம் அசெம்பிளியில ஒரு அக்கா கேட்டாங்க, ‘பையனை ஸ்கூல்ல விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படிங்க வர்றது’ன்னு. அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கு. கணபதியிலிருந்து கம்பெனி பஸ் விடறோம். காலையில ரெண்டு தடவை. பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றவங்க ரெண்டாவது பஸ்ல வரலாம். அவங்களுக்கு ஷிப்ட் அரை மணி நேரம் தள்ளி ஆரம்பிக்கும். பஸ்ஸுக்குக் காசு கிடையாது.
>
> இந்த இடத்தை விட்டுப் போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. எங்கப்பா முதல் லேத்தை இங்கதான் போட்டாரு. ஆனா ஒரு மழை பெஞ்சா டெஸ்டிங் ஷெட்டுல தண்ணி நிக்குது. லாரி திரும்ப இடமில்ல. என்னைவிட நீங்கதான் அதை அதிகம் பார்த்திருக்கீங்க.
>
> பஸ் நேரம், நிக்கற இடம் எல்லாம் நாளைக்கு நோட்டீஸ் போர்டுல இருக்கும். வேற எது கேக்கணும்னாலும், வெள்ளிக்கிழமை டீ டைம்ல நான் கேன்டீன்ல இருப்பேன். வந்து கேளுங்க.

ஒவ்வொரு பகுதியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறேன். முதல் வரி அவர் தினமும் சொல்கிற வரி. யோசிக்காமல் வரும். பதற்றம் உச்சத்தில் இருப்பது ஆரம்பத்தில்தான், அதனால் அங்கே பெயரோ எண்ணோ நீண்ட சொல்லோ வைக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே செய்தி வந்துவிடுகிறது. ஏனென்றால் வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார், வதந்தியும் காத்திருக்காது.

கேள்வி கேட்டு உடனே பதில் சொல்லும் அமைப்பு பதற்றக்காரருக்கு நல்ல கைப்பிடி. “வேலை இருக்குமா?” என்று சொல்லிவிட்டால் “இருக்கும்” தானாக வரும். குரலும் ஏறி இறங்கும், அதற்கென்று பயிற்சி தர வேண்டியதில்லை.

28 ஆண்டு வரலாற்றில் அப்பாவின் லேத் மட்டும் மிஞ்சியது. மற்றவை ஊழியர்களுக்குத் தெரிந்தவைதான்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்? எங்கள் எம்.டி. பத்து நிமிடம் பேசுவேன் என்கிறார்.

பதற்றப்படுகிறவருக்கு ஒன்றரை நிமிடம், அதிகபட்சம் இரண்டு நிமிடம். மேலே உள்ள வசனம் சுமார் 125 சொல். நிதானமாக, மூச்சு விட்டுப் பேசினால் ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் ‘நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல்’ என்ற கணக்கை இங்கே போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். நம் சொற்கள் உருபும் விகுதியும் சேர்ந்து நீளமானவை. 80 முதல் 95 சொல் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அப்புறம் அவரையே ஒருமுறை சொல்லச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். தாளில் எண்ணுவதைவிட அந்த ஒரு அளவு நம்பகமானது.

‘அன்பாக இருக்க வேண்டும்’ என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா?

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த வரியைப் போன வருடம் போனஸ் குறைந்தபோதும் கேட்டிருப்பார்கள். குடும்பம் என்று சொல்கிறவரிடம் ஊழியர் எதிர்பார்ப்பது வேறு, கம்பெனி தரக்கூடியது வேறு. இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொள்வார்.

அந்த வசனத்தில் அன்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு அக்காவின் கேள்வி அவர் நினைவில் இருக்கிறது. அன்றைக்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். பதிலைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அன்பு, பாசம், நன்றி என்ற சொல் ஒன்றுகூட இல்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அது உண்மையாக நடந்திருக்க வேண்டும். அந்த அக்காவை நீங்கள் கற்பனையாகச் சேர்த்தால் அசெம்பிளியில் இருக்கும் எல்லோரும் யார் அது என்று தேடுவார்கள், யாரும் இல்லை என்று தெரிந்துவிடும். நடந்ததாக இருந்தாலும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள், பெயரைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, ‘ஊழியப் பெருமக்களே’ என்று கூட்டத்தைக் கூப்பிடாதீர்கள். போனில் இதைப் பார்க்கிறவர் தனியாகப் பார்க்கிறார். எம்.டி.யும் ஒரு ஆளிடம் சொல்வதாக நினைத்தால்தான் குரல் இறங்கும். கொங்கு நாட்டில் அந்த ‘ங்க’வே மரியாதையையும் நெருக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அவர் மதுரைக்காரராகவோ சென்னைக்காரராகவோ இருந்தால் அவர் பேச்சை அப்படியே விடுங்கள். ஊர் பாஷையை இரவல் வாங்கினால் காதில் உறுத்தும்.

முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன் என்கிறார். விடலாமா?

முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடமாக இருக்கட்டும். தேதி, “ஒருத்தரையும் நிறுத்தல”, “பஸ்ஸுக்குக் காசு கிடையாது” ஆகிய மூன்றும் சொல் மாறாமல் வர வேண்டும். மற்றதை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் விட்டுப் போனால் அடுத்த சொல்லும் வராது, கண் மேலே போய் உள்ளுக்குள் தேட ஆரம்பிக்கும். கேமராவில் அது அப்படியே தெரியும்.

நான் செய்வது இது. வசனத்தின் ஆறு பகுதிகளில் வணக்கத்தை விட்டுவிட்டு, மீதி ஐந்துக்கும் ஒவ்வொரு சொல் வைப்பேன்: மாறறோம், வேலை, பஸ், அப்பா, வெள்ளி. முந்தின நாள் அவருடன் உட்கார்ந்து வரிசை மாற்றிக் கேட்பேன். “பஸ்?” என்றால் பஸ் பகுதியை மட்டும் அவர் பாஷையில் சொல்ல வேண்டும். பிறகு “வேலை?”. பிறகு “வெள்ளி?”. இப்படிக் குலைத்துக் கேட்டால் அவர் வரியைப் பிடித்துக்கொள்வதை விட்டுவிட்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்கும் என்ற நம்பிக்கையும் வரும். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் இழுத்தால் படப்பிடிப்புக்கு முன்னாலேயே பேச்சு பழசாகிவிடும்.

டெலிபிராம்ப்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அதை வைத்துவிட்டால் எல்லாக் கவலையும் தீர்ந்துவிடுமே?

பழகியவருக்குத் தீரும். பதற்றக்காரருக்குக் கூடும். எழுத்து மேலே ஓடுவதைத் துரத்திக்கொண்டு பேசுவார், முகத்தில் ஒன்றும் இருக்காது. அருகில் வைத்தால் கண்மணி இடமிருந்து வலம் ஓடுவதும் தெரியும்.

சட்டப்படி ஒரு சொல்லும் மாறக் கூடாத செய்தியாக இருந்தால் மட்டும் வையுங்கள். அப்போதும் கேமராவை அவரிடமிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் வரும்படி பத்தியைக் குறுக்குங்கள். கண் ஓட்டம் குறையும். ஓட்டுகிறவர் பேசுகிறவரின் வேகத்துக்கு நகர்த்த வேண்டும். தானாக ஓடும்படி விடவே விடாதீர்கள்.

மற்ற நேரங்களில் அந்த ஐந்து சொற்களைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவில் ஒரு சார்ட்டில் எழுதி லென்ஸுக்குக் கீழே, ஒட்டினாற்போல் பிடித்தால் போதும்.

நடுவில் மறந்துவிட்டால்? அந்த பயம்தான் அவருக்கு அதிகம்.

மறந்தாலும் உடையாத மாதிரி எழுதுவது உங்கள் பொறுப்பு. அதை அவரிடம் காட்டினாலே பயம் பாதி இறங்கும்.

“மூணு விஷயம் சொல்லப் போறேன்” என்று ஆரம்பிக்க விடாதீர்கள். மூன்றாவது மறந்தால் எல்லோருக்கும் தெரியும். “முன்னாடி சொன்ன மாதிரி” என்று எழுதாதீர்கள், முன்னாடி சொல்லாமல் விட்டிருக்கலாம். குறளோ மேற்கோளோ வேண்டாம், அது பாதியில் நின்றால் தப்பிக்க வழி இல்லை. முக்கியமானதை முன்னால் வையுங்கள். நம் உதாரணத்தில் அப்பாவின் லேத் பகுதி முழுதாக விட்டுப் போனாலும் செய்தி குறையாது. வேலையும் பஸ்ஸும் அதற்கு முன்னால் வந்துவிட்டன.

அப்புறம் ஒரு மீட்பு வரி கொடுத்துவிடுங்கள்: “இன்னொண்ணு சொல்லணும்.” எந்தப் பகுதிக்கு முன்னாலும் அது பொருந்தும். நின்றுபோனால் சார்ட்டைப் பார்க்கலாம், இரண்டு நொடி மௌனமாக இருக்கலாம், இந்த வரியைச் சொல்லித் தொடரலாம். அவருக்கு அந்த இரண்டு நொடி பத்து நொடியாகத் தெரியும். பார்க்கிறவருக்கு அவர் யோசித்துப் பேசுகிறார் என்றுதான் படும். இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார். ஒத்திகையில் வேண்டுமென்றே இரண்டு நொடி நிற்கச் சொல்லிப் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள்.

எந்தத் தவறுக்கு மறுபடி எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

தேதி, பணம், வாக்குறுதி தவறினால் மறுபடி எடுக்க வேண்டும். ஜூனுக்குப் பதில் ஜூலை என்று வந்துவிட்டால் பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் இல்லை. “ஒருத்தரையும் நிறுத்தல” என்பது “பெரும்பாலும் யாரையும்” என்று மாறினாலும் அப்படியே.

சொல் திரும்ப வருவது, ஒரு ‘வந்து’, எச்சில் விழுங்குவது, சார்ட்டைப் பார்த்தது எல்லாம் இருக்கட்டும். அவரை நேரில் தெரிந்தவர்கள்தான் பார்க்கப் போகிறார்கள். அவர் அப்படித்தான் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் எம்.டி. தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுக்கலாமா?

கொடுத்தால் அவர் ஒவ்வொரு அசையையும் கூட்டிப் படிப்பார், ழகரமும் நெடிலும் போகும். தாளையே தவிருங்கள். வசனத்தை நீங்கள் உங்கள் குரலில் பகுதி பகுதியாகப் பேசி வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள், காரில் போகும்போது கேட்கட்டும். மறுநாள் “பஸ்?” “வேலை?” என்று கேட்டால் அவர் சொற்களில் சொல்வார். சார்ட்டில் சொல்லுக்குப் பதில் சின்னப் படம் வரையலாம். பஸ் படம் ஒன்று எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

ஹெச்.ஆர்., லீகல், சேர்மன் ஆபீஸ் என்று ஆளுக்கொரு வரி சேர்த்து, பழையபடி உரையாகவே ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

அவர்களுக்கு வசனத்தை அனுப்பாதீர்கள். தகவல் பட்டியலை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்: தேதி, பஸ் எத்தனை நடை, கட்டணம், ஷிப்ட் நேரம், ஆட்குறைப்பு இல்லை. தகவலில் திருத்தம் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்கிற விதம் எம்.டி.யுடையது.

அதற்கு மேலும் சேர்க்கச் சொன்னால் எழுத்து அறிவிப்பில் சேர்த்துவிடலாம். அந்தப் பழைய உரை வீணாகவில்லை. கொஞ்சம் சுருக்கினால் நோட்டீஸ் போர்டுக்கும் தொழிற்சங்கத்துக்கும் போக வேண்டிய கடிதம் அதுதான். வேலை நேரம் மாறுவது போன்றவற்றுக்குச் சட்டப்படி தர வேண்டிய எழுத்து அறிவிப்பை வீடியோ ஈடு செய்யாது. இரண்டும் ஒரே நாளில் போகட்டும், இரண்டிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் லீகல் சொல்வதைத் தட்டாமல் கேளுங்கள். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் எக்ஸ்சேஞ்சுக்கு அறிவிப்பதற்கு முன்னால் ஊழியர் வீடியோவில் வந்துவிடக் கூடாது. உள்வட்டத்துக்குத்தானே என்பது செபியிடம் செல்லாது.

படம் எடுக்கும் நாளில் அவர் பதற்றத்தைக் குறைக்க நான் என்ன செய்யலாம்?

அறையில் ஆட்களைக் குறையுங்கள். எம்.டி. பேசுகிறார் என்றதும் ஐந்தாறு மேனேஜர்கள் வந்து சுவர் ஓரம் நிற்பார்கள். அவர்களை அன்பாக வெளியே அனுப்புங்கள். கேமராக்காரர், நீங்கள், அப்புறம் அவருக்கு இயல்பாகப் பேச்சு வரும் ஒரு ஆள். பம்ப் கம்பெனியில் அது பழைய ஸ்டோர் கீப்பர் அண்ணன். அவரை லென்ஸுக்கு நேர் பின்னால், தோளோடு தோளாக நிற்க வைத்தோம். எம்.டி. அவரிடம்தான் பேசினார், பார்வை லென்ஸில் விழுந்தது.

போனில் எடுத்தால் பின் பக்கக் கேமராவில் எடுங்கள். முன் பக்கக் கேமராவில் தன் முகமே தெரிவதால் கண் லென்ஸை விட்டு அங்கே போய்விடும், முடி சரியாக இருக்கிறதா என்ற கவலையும் சேரும். போன் அவர் கண் உயரத்தில் ஸ்டாண்டில் இருக்கட்டும். காலர் மைக் மாட்டுங்கள், ஏ.சி.யையும் ஃபேனையும் அந்த மூன்று நிமிடத்துக்கு நிறுத்துங்கள். மெஷின் சத்தம் இருக்குமென்றால் ஷிப்ட் மாறும் இடைவெளியில் எடுங்கள்.

“ஆக்‌ஷன்” என்று கத்தாதீர்கள். பதிவை முன்கூட்டியே ஓட விட்டு, அண்ணனிடம் பேச்சு கொடுக்கச் சொல்லுங்கள். பம்ப் கம்பெனியில் அவர், “பஸ் எத்தனை மணிக்குங்க விடறீங்க?” என்று கேட்டார். எம்.டி. சிரித்துக்கொண்டே “சொல்றேன் இருங்க” என்று நிமிர்ந்தவர் அந்த முகத்தோடே “எல்லாருக்கும் வணக்கங்க” என்று ஆரம்பித்துவிட்டார். முன்னால் உள்ளதை வெட்டிவிட்டால் போதும். கடைசி வரி முடிந்ததும் இரண்டு நொடி லென்ஸைப் பார்த்தபடியே இருக்கச் சொல்லிவையுங்கள். “வந்து கேளுங்க” என்ற கையோடு எழுந்துவிட்டால் தப்பித்து ஓடுவது போல இருக்கும்.

பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முறைதான் நன்றாக வரும். நான்காவதுக்கும் வரவில்லையென்றால் வசனத்தில்தான் பிழை. எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்தப் பகுதியை அங்கேயே வெட்டுங்கள்.

அப்பா பற்றிச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்கிறார். அந்த வரியை எடுத்துவிடலாமா?

அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், வற்புறுத்தக் கூடாது. சொல்ல ஆசை, ஆனால் பயம் என்றால் இடத்தைப் பாருங்கள். வேலை, பஸ் எல்லாம் சொல்லி முடித்த பிறகு வைத்திருக்கிறோம். அடுத்த வரி தண்ணீர் நிற்பது, லாரி திரும்ப முடியாதது. கண்ணால் பார்த்த விஷயத்துக்கு வந்துவிட்டால் குரல் தானாகச் சமநிலைக்கு வரும். உணர்ச்சி வரியைக் கடைசி வரியாக மட்டும் வைக்காதீர்கள், திரும்பி வர இடமே இருக்காது.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். இந்திக்கு என்ன செய்வது?

எம்.டி.க்கு இந்தி வராது என்றால் மனப்பாடம் செய்து பேச வைக்காதீர்கள். இதே வீடியோவில் இந்தி எழுத்தை அடியில் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வரி, பெரிய எழுத்தில். எழுத்து படிக்காதவர்களும் இருப்பார்கள். அவர்கள் நம்பும் சூப்பர்வைசர் ஒருவரை அதே ஐந்து பகுதிகளையும் தன் பாஷையில் பேசச் சொல்லித் தனியாக ஒன்று எடுங்கள். தமிழ் எழுத்தும் போட்டுவிடுங்கள், பஸ்ஸிலும் ஷாப் ஃப்ளோரிலும் சத்தம் கேட்காமல் பார்ப்பவர்கள் நிறைய.

எடுத்து முடித்துவிட்டோம். அனுப்பும் முன் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எம்.டி.யிடம் காட்டி “எப்படி இருக்கு சார்?” என்று கேட்காதீர்கள். அவர் தன் மூக்கையும் கையையும்தான் பார்ப்பார். மேனேஜர்கள் “சூப்பர்” என்பார்கள்.

இடமாற்றம் பற்றி ஏற்கெனவே சொல்லப்பட்ட, ஆனால் வீடியோ தயாரிப்பில் இல்லாத ஒருவரிடம், ஒரு சூப்பர்வைசரோ செக்யூரிட்டியோ, போனில் ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு, “இதை உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். “ஜூன்ல அரசூர் போறோம், வேலை போகாது, பஸ் ஃப்ரீ” என்று வந்தால் அனுப்பலாம். “எம்.டி. ஏதோ புது பில்டிங் பத்திப் பேசினாரு” என்று வந்தால் முதல் முப்பது நொடியில் ஏதோ மறைந்துபோயிருக்கிறது. பேச்சை மறுபடி கேட்டு, தேதியும் வேலையும் எந்த நொடியில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்க நேரம் இல்லையென்றால் வீடியோவோடு போகும் வாட்ஸ்அப் செய்தியின் முதல் வரியாக அந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.